மிக்ஜாம் வெள்ளமும் 'அட்ஜஸ்டட்' லாபமும்

அம்பத்தூர் பக்கம் ஃபேக்டரி வைத்திருக்கும் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பங்கு கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ரிசல்ட் வந்த அன்று அவர்கள் பிரசென்டேஷனில் "அட்ஜஸ்டட் லாபம் 11 சதவீதம் உயர்வு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மாமா அதை வாட்ஸப்பில் அனுப்பி, "பாத்தியாடா, தண்ணில மூழ்கியும் எழுந்துட்டான்" என்றார்.

எனக்கு உறுத்தியது. ஆண்டறிக்கையைத் திறந்தேன். எண்களைப் புரிவதற்காக முழுசாக்கித் தருகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாமில் சரக்கும் மெஷினும் நனைந்து 20 கோடி நஷ்டம். அந்த நிதியாண்டில் வரி போக நிகர லாபம் 44 கோடி. வெள்ளம் ஒருமுறை வந்தது, எனவே அந்த நஷ்டத்தை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள் என்று 20-ஐத் திரும்பக் கூட்டி 64 என்றார்கள். அடுத்த ஆண்டு லாபம் 71. 64-லிருந்து 71, அதுதான் அந்த 11 சதவீதம்.

முதல் கோளாறு வரியில். 20 கோடி நஷ்டம் வரிக்கு முந்தைய தொகை. அந்த நஷ்டத்தால் சுமார் 25 சதவீதம் வரி மிச்சமாகியிருக்கும். வரிக்குப் பிந்தைய லாபத்தோடு கூட்ட வேண்டியது 15 கோடிதான். ஆக 59.

இரண்டாவது கோளாறு இன்னும் சுவாரஸ்யம். இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது ஏறக்குறைய உறுதியானால்தான் கணக்கில் ஏற்ற முடியும். அதனால் க்ளெய்ம் 12 கோடி அடுத்த ஆண்டில் வந்தது. வந்த இடம் 'இதர வருமானம்'. நஷ்டத்தை வெளியே எடுத்தவர்கள், அதே வெள்ளத்துக்கு வந்த பணத்தை உள்ளேயே விட்டுவிட்டார்கள்! வரி போக அது 9 கோடி. 71-லிருந்து எடுத்தால் 62. உண்மையான வளர்ச்சி 59-லிருந்து 62, அதாவது ஐந்து சதவீதம்.

பொய் எண் ஒன்றுகூட இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் வித்தை.

சொன்னதும் மாமா கேட்டார், "2015-லயும் அங்க தண்ணி புகுந்துச்சே?" பழைய அறிக்கையைத் தேடினேன். புகுந்திருக்கிறது, அப்போதும் 'ஒருமுறை'தான். எட்டு வருடத்தில் இரண்டு தடவை ஒருமுறை. நான் என் கணக்கில் வெள்ளத்தை முழுசாக நீக்கவில்லை. க்ளெய்ம் போக நிகர நஷ்டம் 8 கோடி, எட்டு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்து ஆண்டுக்கு ஒரு கோடி செலவாகப் போட்டுக்கொண்டேன். துல்லியமில்லைதான். ஆனால் அந்த இடத்தில் ஃபேக்டரி நடத்துவதன் விலை அது.

சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு அமலாகிறது. அதன்படி, நிர்வாகம் தானே உருவாக்கி வெளியில் சொல்லும் லாப அளவை ஆடிட் ஆகும் நோட்ஸில் விளக்கி, விதிப்படியான லாபத்திலிருந்து எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். கூட்டிக் கழித்த ஒவ்வொன்றுக்கும் வரி விளைவையும் சொல்ல வேண்டும். இந்தியக் கம்பெனிகளின் கணக்கியல் தரத்திலும் இதே விதி வந்தால், இந்த 20-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும். இன்சூரன்ஸ் தொகையை 'இதர வருமானத்தில்' தேடும் வேலை மட்டும் நமக்குத்தான்.

மாமா இன்னும் பங்கை வைத்திருக்கிறார். நானும்தான், பாதி.