சார்ட் மட்டும் போதுமா?

“பங்கு வாங்க, விலை ஏறி இறங்குவதைக் காட்டும் சார்ட் பார்க்கத் தெரிந்தால் போதும், கம்பெனிக் கணக்கெல்லாம் வேண்டாம்” – கோலாலம்பூர் வாட்சாப் குழுக்களில் சுற்றும் செய்தி.

இது தவறு. பங்கின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்கு சொல்லும். எப்போது வாங்குவது, எங்கே வெளியேறுவது என்பதற்குத்தான் சார்ட்.

புர்சா மலேசியா பங்குச் சந்தையில் ஒரு பங்கு 2 ரிங்கிட், ஆண்டு லாபம் பங்குக்கு 20 சென் என்று வைத்துக்கொள்வோம். விலை லாபத்தைப்போல் 10 மடங்கு, மலிவாகத் தெரியும். ஆனால் அதில் 12 சென் நிலம் விற்று வந்ததென்றால், தொழில் லாபம் 8 சென்தான். விலை 25 மடங்கு. காலாண்டு அறிக்கையின் குறிப்புகளில்தான் இதைப் பிடிக்க முடியும்.

இரண்டையும் கலப்பவர்கள் கணக்கால் பங்கைத் தேர்ந்தெடுத்து, சார்ட்டில் ஆதரவு விலை, அதாவது இறங்கும் விலை வழக்கமாக நின்று திரும்பும் இடம், பார்த்து வாங்குகிறார்கள். அன்றைய விலை 1.85 ரிங்கிட்டுக்குக் கீழே முடிந்தால் விற்பதென்று முன்பே எழுதிவைப்பார்கள். அந்த விலை உடைந்ததும், அறிக்கையில் புதிதாக எதுவுமே இல்லாமல், “நல்ல கம்பெனிதானே” என்று வைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலும் பணம் போகிறது.