முதல் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு மெயில்

வெளியாட்களோடு முதல் மீட்டிங் என்றால் காலண்டரில் ஒரு மணி நேரத்தைப் பிடித்து, தலைப்பில் "அறிமுகக் கூட்டம்" என்று போட்டு அனுப்பிவிடுகிறோம். அஜெண்டா எங்கே என்று யாராவது கேட்டால், "முதல் தடவைதானே, பேசிப் பார்க்கலாம்" என்கிறோம். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

நமக்குள் நடக்கும் மீட்டிங்கில் அஜெண்டா இல்லாவிட்டாலும் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். ஆள் தேவைப்பட்டால் பக்கத்து இருக்கையிலிருந்து கூப்பிடலாம், ஃபைல் தேவைப்பட்டால் அங்கேயே திறக்கலாம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. யாரை அழைத்து வந்திருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் பேச முடியும். யாரை அழைத்து வருவது என்பதை அவர்கள் முடிவு செய்வதும் நாம் அனுப்பிய அழைப்பைப் பார்த்துத்தான். "அறிமுகக் கூட்டம்" என்று எழுதினால் அறிமுகம் செய்து பழகியவர்கள் வருவார்கள்.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. குடோன் ஸ்டாக் கணக்கை எக்செலிலிருந்து ஒரு மென்பொருளுக்கு மாற்றலாம் என்று முடிவு செய்து, இரண்டு நிறுவனங்களோடு பேச ஏற்பாடு செய்தோம். முதல் நிறுவனத்துக்கு வழக்கம்போல வெறும் அழைப்பு போனது. சேல்ஸ் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மனிதர்கள், நன்றாகத் தயாரித்துக்கொண்டும் வந்திருந்தார்கள். நிறுவனத்தின் வரலாறு, வாடிக்கையாளர் பட்டியல், அப்புறம் ஒரு டெமோ. அதற்குள் 40 நிமிடம் போய்விட்டது. எங்கள் குடோன் பொறுப்பாளர் அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். "பழைய ஸ்டாக்கில் பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறது. அப்படியே உள்ளே வருமா?" வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்கிறோம்." அடுத்த கேள்விக்கும் அதே பதில். அதற்கடுத்த கேள்விக்கும் அதே பதில்.

அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதான் என்று நாங்கள் எங்கேயும் எழுதவில்லை.

இரண்டாவது நிறுவனத்தோடு வியாழக்கிழமை சந்திப்பு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே இந்த மெயிலை அனுப்பினேன். ஏறக்குறைய அப்படியே இங்கே தருகிறேன், ஏனென்றால் இதைப் பொதுவாகப் பேசுவதைவிடக் காட்டுவது சுலபம்.

"வணக்கம். வியாழக்கிழமை 60 நிமிடச் சந்திப்புக்கான வரைவு கீழே இருக்கிறது. சந்திப்பு முடியும்போது எங்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: எங்கள் பழைய ஸ்டாக் பதிவுகளை உங்கள் மென்பொருளுக்குக் கொண்டுவர முடியுமா, முடியும் என்றால் அதில் எங்கள் பக்கம் எவ்வளவு வேலை இருக்கும். விலையைப் பற்றி இந்த முறை பேசப்போவதில்லை.

முதல் 5 நிமிடம்: யார் யார், யாருக்கு என்ன பொறுப்பு.
அடுத்த 20 நிமிடம்: பேட்ச் எண், காலாவதித் தேதியோடு இருக்கும் பழைய பதிவுகளை நாங்கள் எந்த வடிவத்தில் தர வேண்டும்? எதெல்லாம் உள்ளே வராது?
15 நிமிடம்: நெட் இல்லாத நேரத்தில் குடோனில் எப்படிப் பதிவு செய்வது? முடிந்தால் திரையில் காட்டுங்கள்.
10 நிமிடம்: நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டியவை.
கடைசி 10 நிமிடம்: அடுத்து யார் எதை எப்போது செய்வது.

எங்கள் பக்கம் குடோன் பொறுப்பாளர், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், நான் ஆகிய மூவர் வருகிறோம். டேட்டா மாற்றும் வேலையைத் தன் கையால் செய்கிறவர் உங்கள் பக்கம் இருந்தால் உதவியாக இருக்கும். எதையாவது சேர்க்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் செவ்வாய் மாலைக்குள் சொல்லுங்கள்."

திங்கட்கிழமை பதில் வந்தது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. டேட்டா மாற்றும் வேலையைப் பார்க்கிறவர் வருவார். நெட் இல்லாமல் பதிவு செய்யும் வசதி இப்போது அவர்களிடம் இல்லை, ஆகவே அந்த 15 நிமிடத்தை 5 ஆகக் குறைத்து, மிச்சத்தைப் பழைய பதிவுகள் பற்றிய பேச்சுக்குச் சேர்க்கலாம். கடைசியாக, எங்கள் எக்செலிலிருந்து ஒரு 200 வரிகளை மாதிரிக்கு முன்கூட்டியே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டாவது விஷயத்தைக் கவனியுங்கள். எங்களுக்குப் பிடிக்காத ஒரு பதில், சந்திப்புக்கு மூன்று நாள் முன்பே, நேர்மையாக, எழுத்தில் வந்துவிட்டது. அதே கேள்வியை எதிரில் உட்கார்ந்து திடீரென்று கேட்டிருந்தால் யாராக இருந்தாலும் "பார்த்துச் சொல்கிறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைத்தது. நெட் போனால் தாளில் எழுதி அப்புறம் ஏற்றுவதற்கு ஒப்புக்கொள்ளலாமா என்பதைக் குடோன் ஆட்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனோம்.

மூன்றாவது விஷயம் நான் எதிர்பார்க்காதது. அந்த 200 வரிகளை எடுக்க உட்கார்ந்தோம். இன்னும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை என்பதால் வாடிக்கையாளர் பெயர், வாங்கிய விலை இரண்டு பத்திகளையும் முதலில் நீக்கினோம். பிறகு வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்த குடோன் பொறுப்பாளர் ஓரிடத்தில் நின்றார். ஒரே பொருள், ஒரே பேட்ச். ஒரு வரியில் 12, இன்னொரு வரியில் 144. ஒருவர் பெட்டியில் எண்ணியிருக்கிறார், இன்னொருவர் தனித்தனியாக எண்ணியிருக்கிறார். எக்செலைப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு எது எந்தக் கணக்கு என்று மனதில் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. இதைச் சரிசெய்வது முழுக்க எங்கள் வேலை, அவர்களால் முடியாத வேலை. சந்திப்புக்கு முன்னால் இது தெரிந்தது அந்த மெயிலுக்கு வந்த பதிலால்தான்.

ஆகவே அஜெண்டா அனுப்புவது எதிர்த்தரப்புக்குச் செய்யும் மரியாதை என்று மட்டும் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மரியாதைதான், சரி. ஆனால் அது நம்மையும் வேலை வாங்குகிறது. இதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்தில் போட்டவுடனே, அதற்கு நம் பக்கம் என்ன தயாராக இருக்கிறது என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். அஜெண்டாவின் முக்கியமான வரிகளைக் கேள்வியாக எழுதுங்கள். "டேட்டா மாற்றம்" என்று எழுதினால் அதற்கு யார் வேண்டுமானாலும் வரலாம், நாலு ஸ்லைடு காட்டிவிட்டுப் போகலாம். "எதெல்லாம் உள்ளே வராது?" என்று கேட்டால் அதற்குப் பதில் தெரிந்தவர் வந்தே ஆக வேண்டும். நான் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் படித்து, இதற்கு அவர்கள் பக்கம் யார் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குள் கேட்டுப் பார்ப்பேன். அந்த ஆளின் வேலை என்னவென்று என்னால் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வரி இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம்.

அனுப்பும் நாளும் இதோடு சேர்ந்ததுதான். முந்தின நாள் இரவு அனுப்பினால் படிக்க நேரம் இருக்கும், ஆளை மாற்ற நேரம் இருக்காது. குறைந்தது மூன்று வேலை நாள் கொடுங்கள். மாதிரித் தரவோ ஆவணமோ கேட்கிறீர்கள் என்றால் இன்னும் முன்னால் அனுப்புங்கள். தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள், ஏனென்றால் நீங்கள் அனுப்பும் மெயில் நீங்கள் பார்த்திராத ஒருவருக்கு ஃபார்வேர்டு ஆகப்போகிறது. அவர் அதை ஃபோனில் படிப்பார். அவருக்கு உங்கள் அலுவலகத்தின் சுருக்கப் பெயர்கள் எதுவும் தெரியாது.

எங்கள் அலுவலகத்திலேயே இதை எதிர்க்கும் ஒருவர் உண்டு. கேள்வியை முன்பே கொடுத்தால் பதிலை மெருகேற்றிக்கொண்டு வருவார்கள், திடீரென்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவர் வாதம். பேரம் பேசும் இடத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு வரை கொடுக்கத் தயார், இன்னும் யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதையெல்லாம் நானும் அஜெண்டாவில் எழுத மாட்டேன். ஆனால் ஒரு மென்பொருள் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தயாரித்த பதில்தான் எனக்கு வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தப் பதிலுக்குள் போய் அடுத்த கேள்வியை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். தடுமாற வைத்து வாங்கிய பதிலை நம்பி நான் எந்த முடிவும் எடுத்ததில்லை.

எல்லா முதல் சந்திப்புக்கும் நிமிடக் கணக்கு சரிப்படாது என்பதும் உண்மை. மனக்குறையோடு வருகிற ஒருவருக்கு ஐந்து வரி அஜெண்டா அனுப்பினால், அவர் பேசுவதற்கு முன்பே கதவைச் சாத்தியது போலிருக்கும். அங்கே, "நடந்ததை உங்களிடமிருந்து கேட்க வருகிறோம், இன்னார் வருகிறார்கள், கையில் ஏதாவது ஆவணம் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்ற ஒரு வரி போதும். அதுவும் அஜெண்டாதான்.

சரி, அழைப்பு அவர்கள் பக்கமிருந்து வந்தால்? போன வாரம் எனக்கு அப்படி ஒன்று வந்தது. தலைப்பு "அறிமுகம்", 45 நிமிடம், வேறு எதுவும் இல்லை. ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டுப் பதில் எழுதினேன்: "சந்திப்பு முடியும்போது உங்களுக்கு எங்களிடமிருந்து என்ன தெரிந்திருக்க வேண்டும்? அதற்குத் தகுந்த ஆளை அழைத்து வருகிறேன்." ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பில் எவ்வளவு நாளில் பாஸ் ஆகும், யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நான் போக வேண்டிய மீட்டிங்கே இல்லை அது. கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவைத்தேன்.