முதல் சொல் வந்துவிட்டதாம், சரி, பதில் எப்போது வரும்?

ஒரு ஏஐ சாட்பாட் 0.4 நொடியில் முதல் சொல்லைத் தந்துவிட்டது என்று காட்டி நேற்று ஒருவர் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டையும் அதற்குக் கீழே நடந்த கச்சேரியையும் பலர் பார்த்திருப்பீர்கள், முன்கதை அவ்வளவுதான். “0.4 நொடியில் பேச ஆரம்பிக்கிறது, இதற்கு மேலும் ஸ்லோ என்று புலம்புகிறவர்களுக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்” என்ற வரி யாருக்காக எழுதப்பட்டது என்று எனக்கும் தெரியும், எழுதியவருக்கும் தெரியும். பெயர் போடாமல் எழுதியதற்கு நன்றி. நானும் போடவில்லை.

பாட் ஸ்லோ என்று நான் முன்னால் புலம்பியபோது சொன்னது ஒரே ஒரு விஷயம். முதல் சொல் வேறு, பதில் வேறு. ஹோட்டலில் உட்கார்ந்த உடனே இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டால் சாப்பாடு வந்துவிட்டது என்று யாராவது எழுந்து கை கழுவப் போவார்களா? இலை சீக்கிரம் வந்தால் சந்தோஷம்தான், யார் வேண்டாம் என்றார்கள். ஆனால் பில்லில் “சாப்பாடு 0.4 நொடியில் பரிமாறப்பட்டது” என்று அச்சடித்துக் கொடுத்தால் கோபம் வரும். எனக்கு வந்தது அந்தக் கோபம்தான்.

இது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன் (தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம்). நாம் கேள்வியை அனுப்பியதும் அது முதலில் சர்வரில் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் மாடல், அதாவது பதிலை எழுதுகிற ஏஐ, நம் கேள்வி முழுவதையும், அதற்கு முன்னால் நடந்த உரையாடலையும் ஒரே மூச்சில் படித்துவிடும். இதைத்தான் ப்ரீஃபில் என்கிறார்கள். அது முடிந்தவுடன் பதிலின் முதல் துண்டு, ஒரு சொல்லோ சொல்லின் பகுதியோ, அதாவது முதல் டோக்கன், வெளியே வரும். அதுவரை ஆகும் நேரம்தான் அந்தப் புகழ்பெற்ற 0.4. அதற்கப்புறம் மாடல் ஒவ்வொரு டோக்கனாகத்தான் எழுத முடியும், ஒன்றை எழுதி முடிக்காமல் அடுத்ததை எழுத முடியாது. ஆக மொத்த நேரம் என்பது முதல் டோக்கனுக்கு ஆன நேரமும், மீதி டோக்கன்கள் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் சேர்ந்தது. கேள்வி சின்னதாக இருந்தால் முதல் பகுதி தானாகவே சின்னதாகிவிடும். அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் கேட்ட கேள்வி என்ன என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். “ஹாய்” என்று கேட்டால் யார்தான் சீக்கிரம் பேசமாட்டார்கள்? ஒரு நாற்பது பக்க பிடிஎஃப்பை ஏற்றிவிட்டுக் கேட்டிருக்கலாமே.

கணக்காகவே பார்ப்போம். ஒரு பாட் அரை நொடியில் பேச ஆரம்பிக்கிறது, ஆனால் நொடிக்கு 20 டோக்கன்தான் தருகிறது. இன்னொன்று 3 நொடி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அப்புறம் நொடிக்கு 80 டோக்கன் தருகிறது. 600 டோக்கன் உள்ள பதிலுக்கு முதலாவது 30 நொடிக்கு மேல் எடுக்கும், இரண்டாவது பத்தரை நொடியில் முடித்துவிடும். சரி, முதலாவது எவ்வளவு நேரம்தான் முன்னணியில் இருந்தது? நாலு நொடி கூட இல்லை. சுமார் 67-வது டோக்கனில் இரண்டாவது அதைத் தாண்டிப் போய்விடுகிறது. 67 டோக்கன் என்பது ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பத்தி. அந்தச் சின்னப் பத்தியில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். “அருமையான கேள்வி! நிச்சயமாக உதவுகிறேன். முதலில் இதன் பின்னணியைப் புரிந்துகொள்வோம்.” இந்த மூன்று வரியை யாரும் கேட்கவில்லை. ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டில் ஜெயிப்பது இந்த மூன்று வரிதான்.

நான் வேலை பார்ப்பது பில்லிங் மென்பொருள் சப்போர்ட்டில் என்பது இங்கே பலருக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் போனில் வந்தார். சரக்கு ஏற்றிப் போன லாரி வழியில் பழுதாகிவிட்டது, வேறு லாரிக்கு மாற்றியாகிவிட்டது, சரக்கோடு போகிற இ-வே பில்லில் பழைய வண்டி நம்பர் இருக்கிறது, டிரைவர் நகரமாட்டேன் என்கிறார், பில்லை ரத்து பண்ணவா வேண்டாமா என்று கேட்கிறார். எங்கள் ஆபீசில் வைத்திருக்கிற சாட்பாட்டில் கேள்வியைத் தட்டினேன், அடித்த வேகத்தில் பதில் ஆரம்பித்துவிட்டது. இ-வே பில் என்றால் என்ன, எதற்காக வந்தது, பார்ட்-ஏ என்பது சரக்கு விவரம், பார்ட்-பி என்பது வண்டி விவரம் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் ரத்து செய்வது எப்படி என்று படிப்படியாக வேறு போகிறது, அதைப் படித்துவிட்டு நான் “ரத்து பண்ணிடுங்க” என்று சொல்லியிருந்தால் அவர் கதை முடிந்தது. ஏனென்றால் கடைசிப் பத்தியில்தான் வருகிறது: வழியில் வண்டி மாறினால் ரத்து வேண்டாம், காரணத்தைக் குறிப்பிட்டு பார்ட்-பியில் புது வண்டி நம்பரைப் போட்டால் போதும். அந்த வரி வருவதற்குள் அவர் “தம்பி, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார். நான் “இருக்கேண்ணே, பார்த்துக்கிட்டே இருக்கேன்” என்கிறேன். எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? உங்கள் முதல் சொல்லையா?

இப்போது வருவார்கள், “மனிதன் படிக்கிற வேகத்துக்குச் சொற்கள் வந்தால் போதுமே, அதைவிட வேகமாக வந்து என்ன பயன்” என்று. கேட்க நல்லா இருக்கிறது. ஆங்கிலத்தில் மனதுக்குள் படிப்பவர் நிமிடத்துக்கு 240 சொல் அளவில் படிப்பார் என்பதும் சரிதான். ஆனால் சாட்பாட்டின் பதிலை யார் கதைப்புத்தகம் மாதிரி முதல் எழுத்திலிருந்து படிக்கிறார்கள்? நாம் தாவித் தாவித்தான் பார்க்கிறோம், எண் எங்கே, தேதி எங்கே, கடைசியில் என்ன முடிவு சொல்கிறது என்று. ப்ரோகிராம் கோட் கேட்டவர் அது முழுசாக வந்த பிறகுதான் எடுத்து ஒட்ட முடியும், பாதியை மட்டும் ஒட்டி என்ன செய்வது? வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னவருக்கும் அதே கதிதான். படிக்கிறவருக்கு வேண்டுமானால் முதல் சொல் முக்கியம், வேலை செய்கிறவருக்குக் கடைசிச் சொல் முக்கியம். உங்களுக்கு இது ஏன் புரியவில்லை என்றால் நீங்கள் அதை டெமோவில் மட்டும் பயன்படுத்துகிறீர்கள்.

“வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள்” என்பது அடுத்தது. இதை நான் மறுக்கவே இல்லை. மென்பொருள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே எழுதிவைத்தார், ஒரு நொடியைத் தாண்டினால் சிந்தனை ஓட்டம் அறும், பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்று. சரி, அப்படியானால் “தேடுகிறேன்”, “கோப்பைப் படிக்கிறேன்” என்று நேர்மையாக ஒரு வரி காட்டுங்கள். அதைப் பதில் கணக்கில் எழுதாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். குரலில் பேசுகிற பாட் என்றால் கதையே வேறு, அங்கே அரை நொடி மௌனம் கூட உறுத்தும், முதல் சொல்தான் எல்லாம். ஒப்புக்கொள்கிறேன். நாம் பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றி இல்லை.

யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு சர்வரில் ஒரே நேரத்தில் பல பேருடைய பதில்கள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக ஒருவர் நீளமான கேள்வியோடு வந்தால் அதைப் படிக்க மாடல் மொத்தப் பலத்தையும் போடவேண்டும். புது ஆளுக்கு முதல் சொல் சீக்கிரம் வரவேண்டும் என்று அதற்கு முன்னுரிமை கொடுத்தால், ஏற்கெனவே பாதி எழுதிக்கொண்டிருந்தவர்களுடைய பதில் நடுவில் நின்று நின்று வரும். வரி பாதியில் உறைந்து, ஒரு விநாடி கழித்து நாலு சொல் ஒன்றாக வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, பல நேரம் இதுதான் காரணம். புதுக் கேள்வியைத் துண்டு துண்டாக நறுக்கி நடுவில் செருகுகிற உத்திகள் இருக்கின்றன, அவை வலியைக் குறைக்கும், ஆனால் அப்போது புது ஆளின் முதல் சொல் கொஞ்சம் தாமதமாகும். ஓசியில் எதுவும் கிடைக்காது. முதல் சொல்லை மட்டும் அளந்து கைதட்டினால், அந்த 0.4-க்கு விலை கொடுப்பது பக்கத்தில் பதிலுக்காகக் காத்திருக்கிற இன்னொருத்தன். அதனால்தான் ஏஐ சர்வர்களின் வேகத்தை அளக்கிற எம்எல்பெர்ஃப் சோதனையில் 2024-இல் லாமா 2 70பி என்ற மாடலுக்கு வரம்பு வைத்தபோது முதல் டோக்கனுக்கு 2 நொடி, பிறகு ஒரு டோக்கனுக்கு 200 மில்லி நொடி என்று இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். 2025-இல் வேகமான பிரிவு ஒன்று சேர்த்து 0.45 நொடி, 40 மில்லி நொடி என்று இறுக்கினார்கள், அப்போதும் இரண்டும்தான். அதுவும் சராசரி இல்லை, நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதற்குள் வரவேண்டும். நம் ஆள் ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோடு வருகிறார்.

இதில் தமிழில் கேட்கிறவன் பாடு தனி. டோக்கன் என்பது சொல் இல்லை. மாடலின் அகராதியில் தமிழுக்கு இடம் குறைவாக இருந்தால் ஒரு சொல் பல துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டுக்கும் தனி நேரம். ஜிபிடி-4ஓ மாடல் வந்தபோது அதைச் செய்த ஓப்பன்ஏஐயே காட்டிய உதாரணம் இது: ஒரே வாசகம், டோக்கனாக உடைக்கிற பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புது முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. நல்ல முன்னேற்றம், பாராட்டவேண்டியதுதான், ஆனாலும் ஒன்றரை மடங்கு. பழைய கணக்கில் நாலு மடங்குக்கு மேல். ஆங்கிலத்தில் பத்து நொடியில் முடிகிற பதில் அந்தப் பழைய அகராதியில் தமிழில் நாற்பது நொடிக்கு இழுக்கும். முதல் சொல் மட்டும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு வந்துவிடும். புரிகிறதா? நீங்கள் காட்டுகிற அளவுகோலில் தமிழில் கேட்கிறவருடைய காத்திருப்பு தெரியவே தெரியாது. எங்கள் அம்மா ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது பற்றித் தமிழில் கேட்டுவிட்டு, எழுத்து எழுத்தாக வருவதைப் பார்த்து “இது என்னடா, எழுத்துக்கூட்டிப் படிக்குது” என்றார். அவருக்கும் பொறுமை இல்லை என்று சொல்லுங்களேன் பார்ப்போம்.

எனக்குப் பொறுமை இல்லையாம். நாள் முழுக்க இன்னொருவர் கோபத்தைக் காதில் வாங்கிக்கொண்டு “ஒரு நிமிஷம்ணே” என்று சொல்வதுதான் என் வேலை. “சப்போர்ட்டில் இருக்கிறவர்களுக்கு இன்ஜினியரிங் புரியாது” என்று ஒரு தம்பி கமெண்ட் போட்டு அதற்கு நூறு ஹார்ட் வேறு. புரியாதவன் கேட்கிறேன், புரிந்தவர்கள் செய்யுங்கள். பதில் பாதி நீளத்தில் வந்தால் எழுதும் நேரமும் பாதியாகிவிடும், புது சர்வர் வாங்கவேண்டாம், முன்னுரையை வெட்டினால் போதும், முடிவை முதல் வரியில் போட்டால் போதும். அதை எத்தனை முறை கேட்டாயிற்று. அதற்கு ஒரு ஹார்ட் விழவில்லை.

அடுத்த ஸ்க்ரீன்ஷாட் போடும்போது தமிழில் ஒரு நீளக் கேள்வியைக் கேளுங்கள், காலை பதினொன்றரைக்கு எல்லாரும் முட்டிமோதுகிற நேரத்தில் கேளுங்கள், கடைசிச் சொல் விழுந்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். அதுவரைக்கும் என்னை டேக் பண்ணவேண்டாம்.