இரும்புச்சத்துக் குளிசையும் தேத்தண்ணியும்

“குளிசையைச் சாயத்தண்ணியோட குடிச்சா வயிறு எரியாது, மலம் கறுப்பாப் போனா உடனே நிப்பாட்டிடணும்.”

இரும்புச்சத்துக் குளிசை பற்றி இப்படிச் சொல்வதுண்டு, ஆனால் இந்த இரண்டு யோசனைகளும் தவறு. தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் குடலிலேயே இரும்போடு பிணைந்து, அது இரத்தத்தில் சேருவதைத் தடுக்கின்றன. பாலும் கல்சியம் குளிசையும் அவ்வாறே குறுக்கிடும். விடியற்காலையில் ஒரு கோப்பையும் மலைக்குப் போனபின் போத்தலில் இன்னொன்றும் குடிக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காலைவேளை பொருந்தாது என்பதால், இரவுச் சாப்பாட்டுக்கும் கடைசித் தேத்தண்ணிக்கும் இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கைக்கு முன் தண்ணீரோடு விழுங்குவதே அவருக்கு வசதி. தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் உறிஞ்சல் சற்றுக் கூடும், ஆனால் அது கட்டாயமல்ல.

உறிஞ்சப்படாத இரும்பே மலத்தைக் கறுப்பாக்குகிறது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தார்போல ஒட்டும், கடும் நாற்றமுள்ள மலமோ தலைச்சுற்றலோ இருந்தால் மட்டும், இரத்தக் கசிவாக இருக்கலாம் என்பதால், உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். குமட்டலோ மலச்சிக்கலோ தொல்லை தந்தால் சிறிது உணவோடு எடுக்கலாம். அப்போது உறிஞ்சல் கொஞ்சம் குறையும், என்றாலும் அடியோடு நிறுத்துவதைவிட அது மேல். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்பதை கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

சில வாரங்களில் களைப்புக் குறைந்ததும் பலர் கைவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் வழமைக்கு வந்த பின்னரும், உடலின் இரும்புக் கையிருப்பு நிரம்ப, பொதுவாக மேலும் 3 மாதங்கள் தொடர வேண்டும்.