மரத்துக்குள்ள வானம் தெரியுது

"Fade Mode-ல Cross Fade போட்டாச்சு, இனி பாப்பிங் இருக்காது." இந்த வாக்கியத்தைக் கேட்டாலே இப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தூரம் போகப் போக மரத்தோட நுணுக்கமான பெரிய மெஷ்ஷை எடுத்துட்டு எளிமையான சின்ன மெஷ்ஷை வைக்கிறதுதான் எல்ஓடி; அந்த மாற்றம் கண்ணுக்குக் குதிச்சுத் தெரியிறதுதான் பாப்பிங்.

காசு கொடுத்து வாங்கின மரப் பேக். யூனிட்டி கேம் இன்ஜினோட யுஆர்பி ரெண்டரிங் முறைக்குன்னே செஞ்சது. விவரப் பக்கத்துல "எல்ஓடி கிராஸ்ஃபேடு உண்டு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. சீன்ல வச்சுக் கேமராவைப் பின்னாடி இழுத்தா, கிட்ட இருந்து பார்க்கிற பெரிய மெஷ் ஓட்டை ஓட்டையா கரையுது, கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாமப் போகுது, அப்புறம் சின்ன மெஷ் டபக்குனு முழுசா வந்து நிக்குது. முன்னாடி மரம் வெறுமனே குதிச்சுது. இப்ப கொசுவலையா மாறிட்டு அப்புறம் குதிக்குது. இதுக்கு ஃபேடு இல்லாமலே விட்டிருக்கலாமே!

இப்படிப் புள்ளி புள்ளியா கரைக்கிற டிதர் ஃபேடு ஒண்ணும் மந்திரம் கிடையாது. மாறுற நேரத்துல ரெண்டு மெஷ்ஷையும் வரையிறோம். திரையில 4×4 பிக்சல் கட்டம் ஒண்ணைத் திரும்பத் திரும்ப விரிச்சு, அதோட 16 பிக்சலுக்கும் 0-க்கும் 1-க்கும் நடுவுல d-ன்னு ஆளுக்கொரு எண் கொடுக்கிறோம். ஃபேடு மதிப்பு பாதியில இருந்தா பெரிய மெஷ் 8 பிக்சலை எடுத்துக்கும், மிச்ச 8 பிக்சலைச் சின்ன மெஷ் எடுத்துக்கணும். மரம் இருக்கிற இடத்துல எந்தப் பிக்சலும் காலியா விடக் கூடாது. மொத்த வித்தையும் இந்தப் பங்கீட்டுலதான் இருக்கு.

இந்தப் பங்கீட்டை யூனிட்டி ஒரு மைனஸ் குறியில வச்சிருக்கு. வெளியே போற மெஷ்ஷுக்கு ஃபேடு மதிப்பான unity_LODFade.x 0.5-ன்னா, உள்ளே வர்ற மெஷ்ஷுக்கு அதே நேரத்துல -0.5 வரும். அந்த விலைக்கு வித்த ஷேடரைத் திறந்து பார்த்தா இருக்கிறது இவ்வளவுதான்:

```hlsl
clip(unity_LODFade.x - d);
```

உள்ளே மைனஸ் வந்தா clip அந்தப் பிக்சலை வெட்டிடும். -0.5-ல இருந்து d-யைக் கழிச்சா எந்தப் பிக்சலுக்கும் மைனஸ்தான் வரும். அப்போ சின்ன மெஷ் மொத்தமும் வெட்டுப்பட்டுப் போகுது. பாதி ஃபேடுல 16-க்கு 8 பிக்சல்ல வானம் தெரியும், மதிப்பு 0.25-க்கு இறங்கினா 12-ல தெரியும். சரியான வரிக்கும் இதுக்கும் ஒரே ஒரு ஃபங்ஷன்தான் வித்தியாசம்:

```hlsl
clip(unity_LODFade.x - CopySign(d, unity_LODFade.x));
```

d-க்கும் அதே குறியைக் கொடுத்துட்டா, பெரிய மெஷ் வெட்டுற பிக்சலைத்தான் சின்ன மெஷ் வச்சுக்கும். ஒரு வரிங்க! இதை விக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர்கூடப் பார்க்கலையா?

சரி, அந்த வரியைத் திருத்தியாச்சு. ஓட்டை போச்சான்னா, போகலை. ஏன்னா அந்த clip கலர் பாஸ்ல மட்டும்தான் இருக்கு. கலருக்கு முன்னாடியே ஆழத்தை மட்டும் எழுதுற டெப்த் பாஸ்ல இல்லை. டெப்த் ப்ரைமிங் போட்டு அந்த ஆழத்தையே கலர் பாஸும் எடுத்துக்கிட்டா, அங்க பெரிய மெஷ் வெட்டுப்படாம முழுசா ஆழத்தை எழுதி வச்சுடுது. அப்புறம் கலர் பாஸ்ல சின்ன மெஷ் தன் பங்குப் பிக்சலை வரைய வரும்போது, முன்னாடியே ஏதோ நிக்குதுன்னு டெப்த் டெஸ்ட் அதைத் தள்ளிவிட்டுடும். மறுபடியும் அதே ஓட்டை. ஒரு மெஷ் இன்னொண்ணைவிடக் கொஞ்சம் முன்னால தள்ளி இருக்கிற இடத்துல மட்டும் இது வர்றதால, இலைக்கு இலை மாறித் தெரியும், பார்க்கிறவன் டெக்ஸ்சர் கோளாறுன்னு நினைச்சு ராத்திரி முழுக்க அதைத் தோண்டிக்கிட்டிருப்பான். டெப்த் பாஸையும் நார்மல் பாஸையும் விட்டுட்டு ஃபேடு போட்டேன்னு சொல்றது அரைகுறை வேலை.

இதுக்கு வழக்கமா வர்ற பதில், "முந்தின ஃபிரேம்களோட சராசரி எடுக்கிற டிஏஏ போடுங்க, எல்லாம் கலந்துடும்." எப்படிக் கலக்கும்? கட்டம் திரையில அசையாம உட்கார்ந்திருந்தா ஒவ்வொரு ஃபிரேம்லயும் அதே பிக்சலுக்கு அதே மெஷ்தான் கிடைக்கும், சராசரி எடுக்க அங்க எதுவுமே மாறலை. ஃபிரேமுக்கு ஃபிரேம் கட்டத்தை நகர்த்தணும், அதுவும் ரெண்டு மெஷ்ஷுக்கும் ஒரே மாதிரி. அப்படியே நகர்த்தினாலும், பின்னாடி இருக்கிற வானம் ஓட்டை வழியா வந்தா டிஏஏ அதையும் சேர்த்துத்தான் கலக்கும். மரம் ஒரு கணம் வெளிறிப் போறது அதனாலதான்.

இன்னொண்ணு: Animate Cross-fading-ஐ அணைச்சு வச்சிட்டு ஃபேடு அகலத்தை மட்டும் பெருசாக்குறாங்க. அப்போ ஃபேடு தூரத்தோட கட்டுண்டு கிடக்கும். ஆட்டக்காரர் அந்த எல்லைக்குள்ள நின்னு ஒரு வசனம் கேட்டார்னா, அவ்வளவு நேரமும் மரம் பாதிப் புள்ளியாவே நிக்கும், ரெண்டு மெஷ்ஷுக்கும் சேர்த்து ஜிபியு செலவும் ஓடிக்கிட்டே இருக்கும். அதை ஆன் பண்ணினா எல்லையைத் தாண்டினதும் ஃபேடு நேரக் கணக்குல ஓடி, அரை செகண்டுல முடிஞ்சு போகும்.

விக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஸ்கைபாக்ஸை எடுத்துட்டுப் பின்னணியைக் கண்ணைக் குத்துற மஜெண்டாவா வைங்க. ஃபேடைப் பாதியில நிறுத்துங்க. ரெண்டு மெஷ்ஷும் சேர்ந்து மூடுற இடத்துல, மரத்தண்டுக்குள்ள, ஒரே ஒரு மஜெண்டாப் புள்ளி தெரிஞ்சாலும் "கிராஸ்ஃபேடு உண்டு"ங்கிற வரியை அழிச்சிட்டு அப்புறம் விலை போடுங்க.