எல்லா வேர்வைக்கும் எலக்ட்ரோலைட் வேண்டாம்

எங்கள் சைக்கிள் குழு வாட்ஸ்அப்பில் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் எலக்ட்ரோலைட்தான். பெரிய கோயிலைச் சுற்றி அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவர்கூட டம்ளரில் மாத்திரையைப் போட்டு நுரை பொங்கப் படம் அனுப்புகிறார். இன்னொரு பக்கம், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்த் திரும்பும் 80 கிலோமீட்டருக்கும் வெறும் தண்ணீரை மட்டும் நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆளுக்கு நஷ்டம் காசோடு போகும். எனக்குக் கவலை இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

ஒரு மணி நேர ஷட்டில், ஜிம், நடை, ஓட்டம் எதுவானாலும் வெறும் தண்ணீர் போதும். காரணம் எளிமையானது. வேர்வை உப்புக் கரிக்கிறது, சரி, ஆனால் ரத்தத்தோடு வைத்துப் பார்த்தால் அதில் உப்பு ரொம்பக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது வேர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர்தான் வேகமாகப் போகிறது. ரத்தத்தில் உப்பின் அடர்த்தி லேசாக ஏறுமே தவிர இறங்காது. தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் போன உப்பு திரும்பிவிடும். அதற்கு எந்தப் பாக்கெட்டும் தேவையில்லை.

இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் கதை மாறுகிறது, அதுவும் நம்ம டெல்டாவில். மேட்டூர் திறந்து வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடி, ரெண்டு பக்கமும் நடவு வயலாக இருக்கும் ஜூன், ஜூலையில் காற்றில் ஈரம் எவ்வளவு இருக்கும் என்று இங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். உடம்பைக் குளிர்விப்பது வேர்வை அல்ல, வேர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதே லிட்டர் முழங்கை வழியாகத் தரையில் சொட்டினால் அதனால் உடம்புக்குக் குளிர்ச்சியே கிடையாது. இங்கே பாதி சொட்டித்தான் போகிறது, உடம்பும் விடாமல் இன்னும் சுரக்கிறது. கடையில் டீ குடிக்க நிற்கும்போது காற்றும் நின்று, வேர்வை திடீரென்று ஊற்றுவது இதனால்தான். எவ்வளவு குடித்தாலும் இந்தச் சூட்டைக் குடித்துத் தணிக்க முடியாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

எவ்வளவு குடிப்பது? நாளுக்கு இத்தனை லிட்டர் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தராசை நம்புங்கள். கிளம்புமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், குடிக்கும் தண்ணீரை அளந்து வையுங்கள், வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். எங்கள் குழுத் தம்பி ஒருவனின் கணக்கு இது: முன்பு 71.4 கிலோ, பின்பு 70.8. குறைந்தது 600 கிராம், நடுவில் குடித்தது அரை லிட்டர். ஆக மணிக்கு 1.1 லிட்டர் வேர்வை.

கும்பகோணம் போய் வர நாலு மணி நேரம் என்றால் 4.4 லிட்டர். இதை முழுசாக ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் 2 சதவீதம் வரை குறைந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பாதகமில்லை, அவனுக்கு அது 1.4 கிலோ. மீதி 3 லிட்டர், மணிக்கு 750 மில்லி. சைக்கிளில் மாட்டும் பெரிய பாட்டில் ஒன்று, மணிக்கு ஒன்று. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது உப்பு. ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் இருக்கும், ஆளுக்கு ஆள் பாதியாகவும் இருக்கும், ஒன்றரை மடங்காகவும் இருக்கும். கறுப்புச் சட்டை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா, வேர்வை கண்ணில் பட்டால் காந்துகிறதா, அப்படியென்றால் நீங்கள் உப்பு அதிகம் விடுகிற ஆள். என் கலவை இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய கால் டீஸ்பூன் தூள் உப்பு, மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம். உப்பு ஒன்றரை கிராம் வரும், அதில் சோடியம் 600 மில்லிகிராம் அளவுக்கு. சர்க்கரை ருசிக்கு மட்டுமில்லை. சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும், தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். காலுக்கும் எரிபொருள் ஆச்சு. உப்பு போட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டு வயலில் இறங்கிய நம் தாத்தாக்கள் செய்ததும் இதே வேலைதான், சர்க்கரைக்குப் பதில் சோற்றுக் கஞ்சி. நீர்மோரும் நல்லது, ஆனால் உப்பு தெரிகிற மாதிரி போட வேண்டும்.

இளநீர் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதில் இருப்பது முக்கியமாகப் பொட்டாசியம், நீங்கள் வேர்வையில் இழப்பது முக்கியமாகச் சோடியம். குடியுங்கள், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள்.

இனி நான் கவலைப்பட்ட அந்த இரண்டாவது ஆள். பெரும்பாலும் இவர் மெதுவாக, கடைசியில் வருகிறவராக இருப்பார். வேர்வை குறைவு, நேரம் அதிகம், நிற்கும் கடையிலெல்லாம் ஒரு லிட்டர் பாட்டில். போன கோடையில் ஒருவர் திரும்பும் வழியில் அய்யம்பேட்டை தாண்டி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, தலை வலிக்குது, குமட்டுது. தண்ணி பத்தலைன்னு நெனைக்கிறேன்."

"எவ்வளவு குடிச்சீங்க?"

"அஞ்சு லிட்டர் இருக்கும்ணே."

விரலில் மோதிரம் இறுகிப் போயிருந்தது. தண்ணீர் நீட்டிய கைகளைத் தடுத்து, கடையில் உப்பும் காரமுமாக இருந்த கடலையை வாங்கிக் கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் சிறுநீர் போனதும் தெளிந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கிளம்பும்போது இருந்த எடையைவிட ஒரு கிலோ கூடியிருந்தது. நாலைந்து மணி நேரம் வேர்த்த பிறகு எடை ஏறியிருந்தால் அதிகமாகக் குடித்திருக்கிறோம் என்று பொருள், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகிற ஆபத்து அது. தண்ணீர் பற்றாமல் போனாலும் தலை வலிக்கும், குமட்டும், அதனால்தான் ஆட்கள் மேலும் தண்ணீரைக் கொடுத்துக் கெடுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் வாயிலும் விரலிலும் தெரியும்: வாய் வறண்டு சிறுநீர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் குறைவு, விரல் வீங்கி வயிறு தளும்பினால் தண்ணீர் அதிகம். பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆம்புலன்ஸ், 108. இதில் ஒன்று சொல்லியாக வேண்டும்: அளவுக்கு மீறிக் குடித்தால் உப்புக் கலந்த பானமும் முழுசாகக் காப்பாற்றாது, அதில் இருக்கும் உப்பு ரத்தத்தைவிடக் குறைவுதான்.

மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்காக அளந்தது, லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். ரொம்ப வேர்க்கிற நீண்ட நாளில் குடிக்கலாம், ஆனால் பாக்கெட்டில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தாகத்தைத்தான் கூட்டும். பெயரில் ஓ.ஆர்.எஸ். ஒட்டிக்கொண்டு வந்த இனிப்பு டப்பாக்களுக்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே தடை செய்தது, பழைய சரக்கு கடையில் கண்ணில் பட்டால் கலவை விவரத்தைப் படித்துப் பாருங்கள்.

பி.பி., சிறுநீரகம், இதயம் என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என் கால் டீஸ்பூனை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த மூன்று மேசைக்கரண்டியும் பொருந்தாது. உங்கள் மருத்துவரிடம் "நாலு மணி நேரம் வெயிலில் சைக்கிள்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள், சும்மா உடற்பயிற்சி என்று சொன்னால் அவர் அரை மணி நேர நடையை மனதில் வைத்துப் பதில் சொல்வார்.