ஒரு பேராயரின் கடனும் ஒரு பேரரசரின் தேர்தலும்

நேற்று ராத்திரி மகளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவின் சமயச் சீர்திருத்தம். பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள், மார்ட்டின் லூதர் கோபப்பட்டார், 1517-ல் 95 கருத்துகளை எழுதினார், திருச்சபை இரண்டானது. பாடத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. நான் படித்தபோதும் இவ்வளவுதான். ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அந்தக் காலத்துல போப்பை எதிர்த்தா எரிச்சிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ இவரை மட்டும் ஏன் விட்டாங்க?"

சரியான கேள்வி. லூதருக்கு நூறு வருஷம் முன்னாடியே, இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில், பாதிரியார் யான் ஹுஸ் கிட்டத்தட்ட இதையே பேசினார். பாவமன்னிப்பு விற்பனையையும் கண்டித்தார். ஜெர்மானிய மன்னர் சிகிஸ்முண்ட் பாதுகாப்புக் கடிதம் கொடுத்துத்தான் அவரைக் கான்ஸ்டன்ஸ் நகருக்கு அழைத்தார். அந்தக் கடிதம் கையில் இருக்கும்போதே 1415 ஜூலை 6 அன்று அவரை உயிரோடு எரித்தார்கள். ஆக, சீட்டு விற்பனை மீதான கோபம் மட்டுமே காரணம் என்றால், 1415-க்கும் 1517-க்கும் நடுவில் என்ன மாறியது என்று சொல்ல முடியாது. அதைத்தான் அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

அந்தச் சீட்டு விற்பனையே எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். பிராண்டன்பர்க்கை ஆண்ட ஹோஹென்சோலர்ன் குடும்பத்தில் ஆல்பிரெக்ட் என்று ஓர் இளையமகன். 1513-ல், 23 வயதில், மாக்டெபர்க் பேராயராகிவிட்டார். ஆயராக இருக்கவே 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அடுத்த ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவியும் காலியானது. அது சாதாரணப் பதவி இல்லை. ஜெர்மானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்க மொத்தம் ஏழே பேருக்குத்தான் வாக்கு. மைன்ஸ் பேராயர் அவர்களில் ஒருவர். ஆல்பிரெக்டின் அண்ணன் யோவாகிம் ஏற்கெனவே இன்னொருவர். மைன்ஸும் கிடைத்துவிட்டால் ஏழில் இரண்டு வாக்கு ஒரே வீட்டுக்குள் வந்துவிடும்.

புதிய பேராயர் ஒவ்வொருவரும் பதவிச் சின்னமாகத் தோளில் அணியும் பட்டையைப் பெற ரோமுக்குப் பெரும் தொகை கட்ட வேண்டும். மைன்ஸில் பத்தே ஆண்டுகளில் மூன்று பேராயர்கள் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் உள்ளூர் மக்களிடமிருந்துதான் பிடுங்கப்பட்டது. அந்த நிலையில் "இந்த முறை அதை நானே கட்டிக்கொள்கிறேன்" என்று சொன்னவர் ஆல்பிரெக்ட். பதவி கிடைத்தது. வயதுக் குறைவுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட பதவி வைத்திருப்பதற்கும் விலக்கு வேண்டுமே, அதற்கும் போப் பத்தாம் லியோ தனியாகப் பணம் கேட்டார். ஆல்பிரெக்ட், ஆக்ஸ்பர்க் நகரின் ஃபுக்கர் வங்கிக் குடும்பத்திடம் 29,000 கில்டர் பொற்காசுகள் கடன் வாங்கினார்.

கடனை அடைக்க வழி? ரோமின் புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கு என்று அறிவித்த பாவமன்னிப்புச் சீட்டை அவருடைய எல்லைக்குள் விற்க அனுமதி. வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கருக்கு. சீட்டு விற்கும் பொறுப்பேற்ற துறவி யோஹான் டெட்செல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தபோது ஃபுக்கரின் கணக்கரும் கூடவே போனார். சீட்டு வாங்கிய குடியானவனுக்கோ தன் காசு ஒரு பேராயரின் பதவிக் கடனுக்குப் போகிறது என்பது தெரியாது. லூதருக்கே முழுக் கதையும் அப்போது தெரியாது. பாவமன்னிப்பு பற்றிய தன் கடிதத்தை அவர் மரியாதையோடு அனுப்பியது இந்த ஆல்பிரெக்டுக்குத்தான்!

அப்புறம் சாக்ஸனி. லூதரின் விட்டன்பர்க் ஊர் இருந்த அந்த நாட்டை ஆண்டவர் ஃபிரெடரிக். ஏழு வாக்காளர்களில் அவரும் ஒருவர். ஆல்பிரெக்டுக்கு முன் மாக்டெபர்க் பேராயராக இருந்தவர் இவருடைய சொந்தத் தம்பி எர்ன்ஸ்ட். அந்தப் பதவியைப் போட்டிக் குடும்பம் தட்டிக்கொண்டு போயிருந்தது. இப்போது தன் குடிகளின் காசும் அந்த வீட்டுக் கடனை அடைக்கப் போவதா? டெட்செல் தன் நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார். இதைச் சீர்திருத்த ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிரெடரிக்கே விட்டன்பர்க் கோட்டைத் தேவாலயத்தில் புனிதர்களின் எலும்பு, உடை போன்ற திருப்பண்டங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். 1520-ல் அது 19,000-ஐத் தாண்டியது. அவற்றைத் தரிசித்துக் காணிக்கை போடுபவர்களுக்கும் பாவமன்னிப்பு உண்டு. டெட்செல் எல்லைக்கு அப்பால் யூட்டர்போகில் விற்க, விட்டன்பர்க் மக்கள் நடந்து போய் வாங்கி வந்தார்கள். வாங்கி வந்த சீட்டைப் பாவசங்கீர்த்தனத்தின்போது லூதரிடம் நீட்டினார்கள். அதில் தொடங்கியதுதான் 95 கருத்துகள்.

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். 1518 ஆகஸ்டில் ரோமுக்கு நேரில் வரச்சொல்லி லூதருக்கு அழைப்பாணை வந்தது. போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார். விசாரணையை ஜெர்மனிக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று ஃபிரெடரிக் அடம்பிடித்தார். 1502-ல் தானே தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற பேராசிரியரை இழக்க அவருக்கு மனமில்லை. ரோமும் இறங்கி வந்தது. போப்பின் தூதர் காயெட்டான் லூதரை ஆக்ஸ்பர்கில் சந்தித்தார். லூதர் பின்வாங்கவில்லை, பத்திரமாக வீடு திரும்பினார்.

ரோம் ஏன் இறங்கி வந்தது? பேரரசர் மாக்சிமிலியன் முதுமையில் இருந்தார். அவருக்குப் பின் பேரன் சார்லஸ் வரப் பார்த்தார். சார்லஸ் ஏற்கெனவே ஸ்பெயினுக்கும் நேப்பிள்ஸுக்கும் மன்னர். ரோமின் வடக்கிலும் தெற்கிலும் ஒரே ஆளின் ஆட்சி வருவதைப் போப் விரும்பவில்லை. அதைத் தடுக்க ஃபிரெடரிக்கின் வாக்கு தேவைப்பட்டது, அவரையே பேரரசராக்கினால் என்ன என்றும் யோசித்தார். ஒரு துறவிக்காக அப்படிப்பட்ட ஆளைப் பகைத்துக்கொள்வதா? 1519 ஜனவரியில் மாக்சிமிலியன் இறந்தார். ஜூன் 28 அன்று சார்லஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வெற்றிக்குச் செலவான ஏறத்தாழ 8,50,000 கில்டரில் பாதிக்கு மேல் கொடுத்தது அதே ஃபுக்கர் குடும்பம். அதற்கு அப்புறம்தான் ரோம் வேகம் எடுத்தது. 1520 ஜூனில் கண்டன ஆணை, 1521 ஜனவரியில் திருச்சபையிலிருந்து நீக்கம். இந்தத் தாமதத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் ஒரு பல்கலைக்கழகச் சண்டை நாடு தழுவிய விவகாரமாக மாறியது.

மாற்றியது அச்சு. ஆனால் "அச்சு இயந்திரம் வந்தது, கருத்து பரவியது" என்று ஒரே வரியில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சு வந்து அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. குட்டன்பர்க் காலத்திலேயே பாவமன்னிப்புச் சீட்டுகளையும் அச்சடித்தார்கள், பெயர் எழுத மட்டும் இடம் விட்டு. 95 கருத்துகளும் லத்தீனில் இருந்தவை. படித்தவர்களுக்குள்தான் சுற்றின. திருப்பம் வந்தது 1518-ல். பாவமன்னிப்பும் அருளும் பற்றி லூதர் ஒரு சின்னப் பிரசங்கத்தை ஜெர்மன் மொழியில் எழுதினார். இருபதே குறிப்புகள், ஒவ்வொன்றும் சில வரி. ஒரு முழுத்தாளின் இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று அச்சடித்து இரண்டு முறை மடித்தால் எட்டுப் பக்கம். புத்தகம் முடிந்தது! தடித்த நூல் ஒன்றை எடுத்தால் அச்சகக்காரரின் முதலீடு மாதக்கணக்கில் முடங்கும். இதுவோ ஓரிரு நாள் வேலை. காசு உடனே கைக்கு வரும். பதிப்புரிமை என்று ஒன்றும் இல்லை. பிரதி ஒன்று பக்கத்து ஊருக்குப் போனால் அங்கே ஒருவர் எழுத்துக் கோத்து மறுபதிப்பு போட்டுவிடுவார். இரண்டு ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன.

1520 ஆகஸ்டில் ஜெர்மன் பிரபுக்களுக்கு லூதர் எழுதிய நூல் 4,000 பிரதிகள் அச்சானது. சில நாட்களிலேயே தீர்ந்தது. அதில் இறையியலோடு பணக்கணக்கும் இருந்தது. ரோமுக்கு எந்தெந்தப் பெயரில் எவ்வளவு போகிறது, பதவிகள் எப்படி விற்கப்படுகின்றன என்று பட்டியலே போட்டார். ஜெர்மானிய இளவரசர்களும் நகரங்களும் கூடும் மன்றங்கள் 1450-களிலிருந்தே இந்தக் குறைகளை எழுதிக்கொண்டுதான் இருந்தன. 1521-ல் லூதர் விசாரிக்கப்பட்ட வோர்ம்ஸ் மன்றத்தில்கூட, அவருக்கு எதிரான கத்தோலிக்க இளவரசர்களும் சேர்ந்துதான் நூற்றுக்கு மேற்பட்ட குறைகளை ரோமுக்கு எதிராக அடுக்கினார்கள்.

பிரான்ஸில் ஏன் இப்படி நடக்கவில்லை என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1516-ல் பிரெஞ்சு மன்னர் போப்போடு ஒப்பந்தம் போட்டு, ஆயர்களை முன்மொழியும் உரிமையை வாங்கிக்கொண்டார். திருச்சபைச் சொத்து ஏற்கெனவே அவர் பிடிக்குள் இருக்கிறது. பிரிந்துபோய் அவருக்கு என்ன லாபம்? ஜெர்மனியில் அப்படிப் பேரம் பேச ஒரே மன்னர் இல்லை. நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் நகரங்களும்தான். ரோம் கேட்டால் கொடுக்க வேண்டும்.

ஆனால் அச்சும் அரசியலும் பணமும் சேர்ந்தால் போதும், நம்பிக்கை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. லைப்சிக் நகரை ஆண்ட ஜார்ஜ் கோமகன், ஃபிரெடரிக்கின் உறவினர்தான், லூதரின் நூல்களுக்குத் தடை போட்டார். 1524-ல் அந்த ஊர் அச்சகக்காரர்களுக்காக நகர மன்றம் அவரிடம் முறையிட்டது. மக்கள் கேட்கும் புத்தகத்தை விற்க முடியவில்லை, எங்களிடம் குவிந்து கிடக்கும் கத்தோலிக்க நூல்களை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்குவதில்லை என்று. அதே இயந்திரம், அதே தாள், அதே மை. ஒரு பக்கத்தின் நூல்கள்தான் விலைபோயின. தன் பாவம் தீருமா என்ற கவலையோடு காசு கொடுத்து வாங்கிப் படித்த மனிதனை விட்டுவிட்டால் இந்த இடம் புரியாது.

ஆல்பிரெக்ட் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கடன் அவரை விடவே இல்லை. 1541-ல் மாக்டெபர்க் மக்கள் அவருடைய கடனுக்காக 5,00,000 கில்டர் தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்குத் தங்கள் விருப்பப்படி வழிபடும் உரிமையைப் பெற்றார்கள். அவர் தன் ஹாலே நகர மாளிகையை விட்டுப் போனார், ஹாலே லூத்தரன் ஊரானது. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மதபோதகர் சீகன்பால்க் படித்தது அந்த ஹாலேயில். அவருடைய தமிழ் அச்சகத்துக்கு முதல் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டதும் அங்கிருந்துதான். மகள் அதைக் கேட்டதும் வரைபடத்தை எடுத்து ஹாலே எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.